கடைசி வண்டியிலிருந்து தொடங்குக
(சங்கத்தின் இளைஞர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



வருகிற ஏப்ரல் 14ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள் விழாவைப் பெரியவர்களின் துணையின்றித் தாங்களே முன்னின்று நடத்துவதென இளைஞர் பிரிவினர் தீர்மானித்துள்ளனர். அதற்கு வேண்டிய ஆலோசனைகளைக் கூறுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். வாழ்த்துரை வழங்கப் பலர் இருக்கிறார்கள். ஆகவே நான் அந்தப் பணியை அவர்களுக்கே விட்டுவிட்டு, நாட்களை எண்ணும் முறை ஒன்றை மட்டும் சொல்லி அமர்கிறேன்.

முதன்முறை விழா நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணுகிறார்கள். முதலில் சுவரொட்டி, பிறகு நன்கொடை, பிறகு பேச்சாளர், பிறகு பந்தல் என்று வேலைகள் மனத்தில் தோன்றிய வரிசையிலேயே நடக்கின்றன. இறுதி வாரத்தில்தான், முன்னரே செய்திருக்க வேண்டியவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன. நெய்வேலியில் வாழும் நமக்கு இதை விளக்கத் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1957இல் தொடங்கிய சுரங்கப் பணியில் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது 1961இல்தான். கரியை வெட்ட வேண்டுமானால் அதன்மேல் உள்ள மண்ணை அகற்ற வேண்டும். கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரை இடைவிடாது இறைத்தாலன்றிச் சுரங்கத்தின் அடித்தளம் நிலைக்காது. கரி என்றைக்கு வேண்டும் என்பதை வைத்துக்கொண்டுதான் பம்பை எப்போது ஓட்டுவது என்பதை முடிவு செய்கிறார்கள். விழாவுக்கும் அதே முறைதான்.

எந்த இடத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவது என்பதில்தான் என் கருத்து மற்றவர்களிடமிருந்து மாறுபடுகிறது. மேடையில் முதல் பேச்சாளர் எழுந்து நிற்கும் நேரத்திலிருந்து எண்ணுவோர் பலர். நான் கடைசி வண்டி கடைசி ஊரில் ஆட்களை இறக்கிவிட்டு, அந்தச் செய்தி நமக்கு வந்து சேரும் நேரத்திலிருந்து எண்ணச் சொல்கிறேன். அதற்குக் காரணம் 1927ஆம் ஆண்டில் இருக்கிறது.

அவ்வாண்டு மார்ச் 19, 20 ஆகிய நாட்களில் கொலாபா மாவட்டத்து மகத் நகரில் ஒடுக்கப்பட்டோர் மாநாடு கூடியது. குளத்து நீரை எடுக்க இயலாத நிலையில், மாநாட்டுக்கு வந்தவர்கள் குடிப்பதற்கு 40 ரூபாய்க்குத் தண்ணீரை விலைக்கு வாங்கி வைக்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் அம்பேத்கர் தலைமையில் அனைவரும் அணிவகுத்துச் சென்று சவதார் குளத்து நீரைப் பருகினர். வரலாறு பெரும்பாலும் இந்த இடத்தோடு பக்கத்தைத் திருப்பிவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்ததே நாம் கவனிக்க வேண்டியது. ஊர்வலம் முடிந்தது. பலர் ஊர் திரும்பிக்கொண்டிருந்தனர். எஞ்சியோர் பந்தலில் உணவருந்திக்கொண்டிருந்தனர். அடுத்து இவர்கள் வீரேஸ்வரர் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்ற வதந்தி அப்போது ஊருக்குள் பரவியது. தடியேந்திய கும்பல் பந்தலுக்குள் புகுந்து, உண்டுகொண்டிருந்தவர்களைத் தாக்கி, உணவை மண்ணில் கொட்டியது. தெருக்களில் இரண்டு மூன்று பேராகத் திரும்பிச் சென்றவர்களும் அடிபட்டனர். ஆயிரக்கணக்கில் குளக்கரையில் நின்றபோது அவர்கள்மீது கை வைக்க எவரும் துணியவில்லை. கலைந்த பின்னரே அடி விழுந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் அங்கே மாநாடு கூடியபோது அமைப்பாளர்கள் பாடம் கற்றிருந்தனர். ஊரில் இடம் கிடைக்காது என்று தெரிந்து, பத்தேகான் என்னும் இசுலாமியரின் நிலத்தை முன்னதாகவே பெற்றனர். உள்ளூர் வணிகர்கள் பொருள் தர மறுப்பார்கள் என்பதால் தானியங்களை வெளியூர்களிலிருந்து கொண்டுவந்து சேர்த்தனர். பேருந்து உரிமையாளர்கள் கடைசி நேரத்தில் கைவிரிக்கக்கூடும் என்பதால், அம்பேத்கரும் உடன் வந்தவர்களும் பம்பாயிலிருந்து கப்பலில் புறப்பட்டுத் தாஸ்காவ் துறையில் இறங்கினர். இடம், உணவு, போக்குவரத்து ஆகிய மூன்றிலும், பிறர் மறுத்தாலும் விழா நின்றுவிடாதபடி நாட்களுக்கு முன்பே வழி செய்துகொண்டனர் என்பது இதன் பொருள்.

இனி நம் விழாவுக்கு வருவோம். கணக்குக்காக 2,000 பேர் என்று வைத்துக்கொள்கிறேன். நகரியத்தின் வட்டங்களிலிருந்தும் அருகிலுள்ள குடியிருப்புகளிலிருந்தும் நடந்தோ இருசக்கர வண்டியிலோ வருவோர் 800 பேர். குறிஞ்சிப்பாடி, கம்மாபுரம், பண்ருட்டி, முத்தாண்டிக்குப்பம் பக்கத்து ஊர்களிலிருந்து வண்டிகளில் வருவோர் 1,200 பேர். ஐம்பது பேர் அமரும் பேருந்து 20, இருபது பேர் அமரும் வேன் 10, ஆக 30 வண்டிகள்.

இரவு 10.30 மணி. கடைசி வண்டி ஊர் சேர்ந்தது என்ற தொலைபேசிச் செய்தி வரவேண்டிய நேரம் இது. செய்தியைப் பெறுவதற்கென்றே ஒருவர், வண்டி எண், ஊர், தலைவர் பெயர், தொலைபேசி எண், ஏறியோர் தொகை ஆகியவற்றை எழுதிய தாளோடு ஓரிடத்தில் அமர்ந்திருக்க வேண்டும். அவருக்கு அன்று வேறெந்த வேலையும் தரக்கூடாது. இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பேற்ற முதல் விழாவில், ஓர் ஊர் வண்டி பள்ளி மாணவியர் இருவரை விட்டுவிட்டுப் புறப்பட்டுவிட்டது. அடுத்த வண்டியில் வருகிறார்கள் என்று இவர்களும், இந்த வண்டியில் போய்விட்டார்கள் என்று அவர்களும் எண்ணிக்கொண்டனர். மேடையருகே அழுதுகொண்டு நின்ற அப்பிள்ளைகளைப் பந்தல் பிரிக்க வந்தவர்தாம் கண்டார். ஏற்றும்போது எண்ணிய நான் திரும்பும்போது எண்ணவில்லை. அன்றிரவு அவர்களின் தந்தையார் முன் நான் நின்ற நிலையை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

இரவு 8.30 மணி. கூட்டம் முடிகிற நேரம். ஒலிபெருக்கிக்குச் சட்டம் இரவு 10 மணி வரை இடமளிக்கிறது என்பதால் பத்து வரை பேசலாமே என்று சிலர் கேட்பார்கள். பத்து மணியை ஒட்டி ஷிப்டு மாறுகிறது. வேலை முடித்து வருவோரும் வேலைக்குச் செல்வோரும் ஒரே நேரத்தில் சாலைக்கு வருகிறார்கள். அந்த நெரிசலுக்குள் நம் முப்பது வண்டிகளையும் விடுவது அறிவுடைமை ஆகாது. அன்றியும், 8.30க்கு முடிந்தால் தொலைவிலுள்ள ஊரும் பத்தரைக்குள் வீடு சேரும்.

உணவுப் பொட்டலத்தைக் கூட்டத்தில் வழங்காதீர்கள். இரண்டாயிரம் பேர் ஓரிடத்தில் கை நீட்டினால் தள்ளுமுள்ளு வரும். வண்டித் தலைவரிடம் ஊர்த் தொகைக்கேற்ப எண்ணிக் கொடுத்துவிடுங்கள். வண்டியில் ஏறி அமர்ந்தவருக்கே பொட்டலம் என்றால் மூன்று பயன்கள் ஒருங்கே விளைகின்றன. வரிசை இல்லை, அவரவர் தத்தம் வண்டியைத் தேடிச் செல்கிறார்கள், பொட்டலம் மிஞ்சினால் ஆள் குறைகிறது என்பது உடனே தெரிந்துவிடுகிறது. நடந்து வந்த 800 பேருக்கு இரு வாயில்களுக்கும் வெளியே தனித்தனி மேசைகள் போடலாம். சித்திரை வெயிலில் தேங்காய் சேர்த்த எதுவும் வேண்டாம். புளிச்சோறு போதும். அதையும் பிற்பகல் இரண்டு மணிக்கு முன்னர் வடிக்காதீர்கள். ஆறிய பிறகே மடியுங்கள்.

வண்டிகள் அனைத்தும் மாலையில் வந்து நிற்கும்போதே முகம் வெளிச்சாலையை நோக்கி நிற்கவேண்டும். இருட்டில் முப்பது வண்டிகள் பின்னோக்கி நகர்ந்து திரும்புவதைவிட ஆபத்தானது வேறில்லை. தொலைவூர் வண்டி முதலில் புறப்பட வேண்டும். ஒரே திசையில் செல்லும் வண்டிகள் ஒன்றையொன்று தொடர்ந்து செல்ல வேண்டும். எந்த வழியில் செல்வது என்பதை ஓட்டுநரிடம் விடாமல், அந்தந்த ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு முன்னரே எழுதி, ஒரு படியைக் காவல் நிலையத்திலும் கொடுங்கள். திரும்பும் வழியில் முழக்கமோ, கூரைமேல் ஆள் நிற்பதோ, நடுவழியில் நிறுத்துவதோ கூடாது. இது கோழைத்தனம் என்று சொல்லும் தம்பிகள் இருக்கிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. உரிமையை நிலைநாட்ட வேண்டிய இடம் மைதானமும் மேடையும் ஆகும். உறங்கிவிட்ட குழந்தைகள் நிறைந்த வண்டி அதற்கான இடமன்று. சரக்கு வண்டியான குட்டியானையில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம். ஒரு வண்டி கவிழ்ந்தால் காப்பீட்டுத் தொகைகூடக் கைக்கு வராமல் போகலாம்.

இனி மைதானத்தை விட்டு வெளியேறும் வாயில். ஒரு மீட்டர் அகலமுள்ள திறப்பின் வழியே, குழந்தைகளோடு நடப்போர் நிமிடத்திற்குச் சுமார் 60 பேர் நெருக்கமின்றிச் செல்வார்கள். மூன்று மீட்டர் வாயில் இரண்டு இருந்தால் நிமிடத்திற்கு 360 பேர், ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் அனைவரும் வெளியே. ஒரு வாயில் அடைபட்டாலும் பதினோரு நிமிடம். ஆனால் அந்த வாயிலில் புத்தகக் கடை மேசையையோ, வளைவையோ, உண்டியலையோ வைத்துவிட்டால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். அலங்கார வளைவு வைக்கத்தான் வேண்டுமென்றால் சாலையோரத்தில் வையுங்கள்.

மாலை 5 மணி. கூட்டம் தொடங்கும் நேரம். இங்கே தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் 6ஆம் நாள் சென்னைக் கடற்கரையில் நடந்த விமானக் காட்சிக்கு இலட்சக்கணக்கானோர் திரண்டனர். ஐந்து பேர் உயிரிழந்தனர். உச்சி வெயிலும், தாகமும், வீடு திரும்ப வழியின்றித் தேங்கிய கூட்டமும் அன்று ஒன்றுசேர்ந்தன. நம் மாவட்டத்தில் ஏப்ரல் வெயில் அதைவிடக் கடுமையானது. ஆளுக்கு 2 லிட்டர் என்று கொண்டால் 4,000 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 200. தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, குழாயும் வேண்டும். ஒருவர் குவளையை நிரப்பி நகரப் பத்து நொடி ஆகும். ஒரு குழாயில் நிமிடத்திற்கு ஆறு பேர். கலை நிகழ்ச்சி முடிந்தவுடன் பத்து நிமிடத்திற்குள் 600 பேர் எழுந்து வந்தால் பத்துக் குழாய்கள் தேவை. ஆகவே நான்கு மூலைகளிலும் மூன்று மூன்றாகப் பன்னிரண்டு குழாய்களை வையுங்கள். ஒரே இடத்தில் பன்னிரண்டும் வைத்தால் அங்கே ஒரு கூட்டம் உருவாகிவிடும். இது போதவில்லை என்பதை எப்படி அறிவது? ஏதேனும் ஒரு மூலையில் வரிசை இருபது பேரைத் தாண்டினால் போதவில்லை என்று பொருள். அங்கே நிற்கும் தொண்டர் மேடையைக் கேளாமலே கேனைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குள் செல்ல வேண்டும்.

பெண்கள் 900 பேர் வருவார்கள் என்றால் ஐம்பது பேருக்கு ஒன்றாகப் பதினெட்டுக் கழிப்பிடங்கள் தேவை. இவற்றின் பொறுப்பை மகளிரிடமே ஒப்படையுங்கள். விளக்கு எங்கே வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சிறப்புப் பேச்சாளர் தாமதமானால் என்ன செய்வது? 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் பல மணி நேரம் காத்திருந்த பெருங்கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் மாண்டதை நாம் அறிவோம். ஏப்ரல் 14 அன்று நம் பேச்சாளர்களுக்கு ஒரே மாலையில் மூன்று ஊர்களில் கூட்டம் இருக்கும். ஏழரை மணிக்குள் அவர் மேடைக்கு வராவிட்டால் அவரின்றியே 8.30க்கு முடிப்பது என்று இன்றே தீர்மானம் எழுதிவிடுங்கள். அன்று மேடையில் நின்றுகொண்டு அந்த முடிவை எடுக்க எவருக்கும் மனம் வராது.

முந்தைய நாள், ஏப்ரல் 13. பிற்பகல் பந்தல் முடிந்திருக்க வேண்டும். அன்று மாலை, விழா நடக்கும் அதே நேரத்தில், எல்லா விளக்குகளையும் ஒலிபெருக்கியையும் ஜெனரேட்டரில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சமையற்கூடம் பந்தலை ஒட்டி இருக்கக்கூடாது. 1997இல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் பற்றிய தீயில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீயில் வெந்தவர்களோடு நெரிசலில் சிக்கியவர்களும் அவர்களில் அடங்குவர்.

ஏப்ரல் 11. வண்டி உரிமையாளர்கள் முப்பது பேரையும், தண்ணீர், பந்தல், ஒலிபெருக்கிக்காரர்களையும் மறுபடி அழைத்துக் கேட்க வேண்டிய நாள். பின்வாங்க நினைப்பவர் இன்று தயங்குவார். இன்னும் மூன்று நாள் இருப்பதால் வேறு ஏற்பாடு செய்ய இயலும். "பார்த்துக்கலாம் அண்ணே" என்பவர் வரமாட்டார் என்றே கொள்ளுங்கள்.

மார்ச் 30. தொண்டர்களின் பெயர்ப்பட்டியல் முடிய வேண்டும். ஷிப்டு வேலையில் இருப்பவர்கள் அன்று தமக்கு எந்த ஷிப்டு என்பதைச் சொல்லி, மாற்றிக்கொள்ளவோ விடுப்பு எழுதவோ இந்த நாளே கடைசி. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் கூலி போகும் என்பதை மறவாதீர்கள். அவர்களுக்கு மாலை வேலையை மட்டும் கொடுங்கள்.

மார்ச் 15. காவல்துறைக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டிய நாள். முப்பது நாளுக்கு முன் எதற்கு, பத்து நாள் போதுமே என்பீர்கள். விண்ணப்பத்தை ஏற்கும் அதிகாரிக்குப் பத்து நாள் போதும். மறுக்கிற அதிகாரியிடமிருந்து நம் உரிமையை மீட்கத்தான் முப்பது நாள் வேண்டும். மறுப்பு முந்தைய நாள் மாலையில் கைக்கு வந்தால் எந்த நீதிமன்றத்துக்கும் போக நேரமிருக்காது. ஆகவே விண்ணப்பத்தின் நகலில் தேதியும் முத்திரையுமிட்ட ஒப்புதலைப் பெறுங்கள். பத்து நாளில் விடை வராவிட்டால் பதிவு அஞ்சலில் நினைவூட்டு எழுதுங்கள். மறுப்பை வாய்ச்சொல்லாக ஏற்காமல் எழுத்தில், காரணத்தோடு கேளுங்கள். அதற்குப் பின்னும் உயர்நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்ய இரண்டு வாரம் கையில் இருக்கும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி என்பதால், ஒலிபெருக்கி வைக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்து இணையுங்கள். தேர்தல் அறிவிப்பு வெளியாகியிருந்தால் நடத்தை விதிகளின்படியும் அனுமதி பெற வேண்டும்.

இவ்விண்ணப்பத்தோடு இட உரிமையாளரின் சம்மதக் கடிதம் இருக்க வேண்டும். இங்கே பெரும்பாலான இடம் நிறுவனத்துக்கு உரியது. நகர நிர்வாகத்தின் கடிதம் இல்லாமல் விண்ணப்பம் முழுமை பெறாது. கோப்பு மேசைக்கு மேசை நகர இரண்டு வாரம் ஆகலாம். அப்படியானால் இடத்துக்கும் மின் இணைப்புக்கும் எழுத வேண்டிய நாள் பிப்ரவரி 28. வண்டிகளுக்கு முன்பணம் கொடுக்கும் நாளும் அதுவே. ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டாகவும் அமைவதால் கோயில்களுக்குச் செல்வோர் வேன்களைப் பிடித்துவிடுவார்கள். எல்லா ஊர்களிலும் நம்மவர் விழா என்பதால் பேருந்தும் கிடைக்காது. முன்பணத்திற்கு அன்று கையில் பணம் இருந்தாக வேண்டும். எனவே நன்கொடைச் சீட்டு அச்சாகி, வரிசை எண்ணிட்டு, வட்டவாரியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டிய நாள் பிப்ரவரி 13. சுவரொட்டி எப்போது என்று கேட்கிறீர்களா? காவல்துறை அனுமதி கைக்கு வந்த மறுநாள். அதற்கு முன் ஒட்டிய சுவரொட்டி, இடம் மாறினால் மக்களைத் தவறான மைதானத்துக்கு அழைத்துச் செல்லும்.

பிப்ரவரி 13க்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எந்த இடத்தைக் கேட்கப் போகிறோமோ அங்கே சென்று அளக்க வேண்டும். நடைபாதை உட்பட ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் என்றால் அமர்வதற்கு மட்டும் 40க்கு 50 மீட்டர் வேண்டும். முப்பது வண்டிகள் நிற்க இடம் தனி. மேலே மின்கம்பி எங்கே போகிறது, மழை பெய்தால் நீர் எங்கே தேங்கும், இரவில் எந்த மூலையில் வெளிச்சமில்லை என்பதையெல்லாம் நேரில் காண வேண்டும். பகலில் போனால் கடைசிக் கேள்விக்கு விடை கிடைக்காது. ஆகையால் வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு மைதானத்தின் மேற்கு வாயிலில் கூடுவோம். ஐம்பது மீட்டர் நாடா ஒன்று, சுண்ணாம்புப் பொடி, ஒரு கைவிளக்கு, கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஆகியவற்றைச் செயலாளர் கொண்டுவரட்டும். மகளிர் பிரிவிலிருந்து இருவராவது அவசியம் வரவேண்டும்.